கோட்டின் மேல் விழுந்த டிக்

கோவைக்குப் பக்கத்தில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலை. ஊழியர் திருப்தி சர்வே முடிந்து, நிரப்பிய தாள்கள் மேசைமேல் கட்டுக் கட்டாகக் கிடந்தன. தாளுக்கு இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள். ஹெச்.ஆர். மேலாளர் ஒரு தாளை உருவி என் பக்கம் திருப்பினார். பதினொன்றாவது வாக்கியத்துக்கான டிக் எந்தக் கட்டத்துக்குள்ளும் இல்லை. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், கோட்டின் மேலேயே விழுந்திருந்தது.

"பாருங்க சார், மூணு போட்டா கம்மி, நாலு போட்டா ஜாஸ்தின்னு நெனச்சிருக்கார். நடுவுல ஒரு கட்டம் இருந்திருந்தா அதுல போட்டிருப்பார். அடுத்த வருஷம் ஏழு கட்டமா வெச்சிரலாமா?"

அவர் இன்னும் சில தாள்களைப் புரட்டினார். இன்னொரு தாளிலும் கோட்டின் மேல் டிக். இன்னொன்றில் இரண்டு கட்டத்தையும் சேர்த்து ஒரு வட்டம். எனக்கும் அந்த நேரத்தில் அவர் சொன்னதில் தவறு தெரியவில்லை. ஆட்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது, அதை வைக்க இடம் போதவில்லை என்றுதான் பட்டது.

அவர் சொன்னதற்கு ஆதாரமும் உண்டு. 2010இல் கிரெய்க் ஃபின்ஸ்டாட் என்ற ஆய்வாளர், கணினி மென்பொருளைப் பயன்படுத்தியவர்களிடம் ஒரே கேள்வித்தாளை ஐந்து கட்டத்திலும் ஏழு கட்டத்திலும் கொடுத்துப் பார்த்தார். ஐந்து கட்டத்தில் பதில் சொன்னவர்கள்தான் 'மூன்றரை' என்பதுபோல இரண்டு எண்களுக்கு நடுவே நழுவினார்கள். ஐந்து கட்டத்துக்கு எதிரான சான்று என்றே அவர் தன் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தார். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னால், பிரெஸ்டன், கோல்மன் என்ற இருவர் 149 பேரிடம் அவர்கள் போய்வந்த கடையையும் உணவகத்தையும் பற்றிக் கேட்டு, இரண்டு கட்டத்திலிருந்து பதினொன்று வரை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். இரண்டு, மூன்று, நான்கு கட்டங்கள் தேறவில்லை. ஏழை ஒட்டியும் அதற்கு மேலும் உள்ளவை நன்றாக வந்தன. ஏழு கட்டத்துக்காக வாதாடுபவர்கள் இந்த இரண்டையும்தான் முதலில் காட்டுவார்கள். மூன்றாவதாக, ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதிய 'மாய எண் ஏழு' கட்டுரையையும் இழுத்துவருவார்கள். மில்லர் அதில் பேசியது ஒலியின் சுருதி, உப்பின் அடர்த்தி போன்றவற்றை மனிதர்கள் எத்தனை வகையாகப் பிரித்தறிய முடியும் என்பதையும், நினைவில் எத்தனை நிற்கும் என்பதையும் பற்றி. போனஸ் பற்றிய மனக்குறையை எத்தனை கட்டத்தில் கேட்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சாட்சியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

ஆனாலும் நான் மேலாளரிடம் உடனே சரி என்று சொல்லவில்லை. கூடுதலாக வரும் இரண்டு கட்டங்கள் உண்மையில் எவ்வளவு தரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

ஒருவருடைய கருத்தை ஒன்றிலிருந்து ஐந்து வரை நீளும் ஒரு டேப்பின் மேல் ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தப் புள்ளி 3.4இல் இருக்கலாம். தாளில் 3.4 கிடையாது. அவர் 3இல் டிக் போடுவார். அந்த 0.4 தொலைந்துபோகிறது. ஐந்து கட்டம் இருக்கும்போது இப்படித் தொலைவது அதிகபட்சம் அரை அளவு. அதே டேப்பில் ஏழு குறி போட்டால் குறிகளுக்கு இடையிலான தூரம் 0.67 ஆகக் குறைகிறது, தொலைவதும் அதிகபட்சம் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். இதுவரை பார்த்தால் ஏழு நல்ல லாபம்.

ஆனால் சர்வே எடுப்பவர் தனி ஆளின் புள்ளியைத் தேடுவதில்லை. நாற்பது பேர் வேலை பார்க்கும் அசெம்பிளி பிரிவின் சராசரியைத் தேடுகிறார். அந்தச் சராசரியை ஆட்டிவைப்பது கட்டங்களுக்கு இடையே தொலையும் துணுக்கு மட்டுமல்ல. அந்த நாற்பது பேரும் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதுதான் பெரிய ஆட்டம். ஐந்து கட்ட சர்வேயில் இந்தப் பரவல் சுமார் ஒரு கட்ட அளவுக்கு இருப்பது சகஜம். புள்ளியியலில் இப்படிப்பட்ட ஆட்டங்களை நேரடியாகக் கூட்டாமல் அவற்றின் வர்க்கங்களைக் கூட்டுவார்கள். ஆட்களுக்கு இடையிலான பரவல் 1 என்றால் அதன் வர்க்கமும் 1. ஐந்து கட்டத்தில் தொலைவதன் பங்கு 12இல் 1, அதாவது 0.083. ஏழு கட்டத்தில் 0.037. மொத்தம் ஒருபக்கம் 1.083, மறுபக்கம் 1.037. வித்தியாசம் நூற்றுக்கு நாலரை.

இந்த நாலரையை ஆள் கணக்கில் மாற்றிச் சொன்னால் சட்டென்று புரியும். ஐந்து கட்டத்தை ஏழாக்கினால் கிடைக்கும் துல்லியமும், பதில் தருபவர்களை நூற்றுக்கு நாலரை கூட்டினால் கிடைக்கும் துல்லியமும் ஒன்று. நாற்பது பேர் பிரிவில் அது இரண்டு பேர்கூட இல்லை. அதாவது இரண்டு கட்டம் கூடுதலாக வரைவதும், ஷிஃப்ட் மாறிப் போனதால் தாள் வாங்காமல் விட்ட இரண்டு பேரைத் தேடிப்பிடித்து நிரப்பச் சொல்வதும் ஏறக்குறைய ஒரே பலன். அதுவும், ஏழு கட்டத்தையும் எல்லாரும் பிசகில்லாமல் பயன்படுத்துவார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது.

இன்னொரு விஷயமும் உண்டு. கோட்டின் மேல் டிக் போட்டவரை நினைத்துக் கவலைப்படும்போது, இந்த முறையைக் கண்டுபிடித்தவர் என்ன நினைத்தார் என்பதை மறந்துவிடுகிறோம். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் தன் முறையை வெளியிட்டார். அதற்கு முன் தர்ஸ்டன் என்பவருடைய முறை இருந்தது. அதில் நடுவர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் பதினொரு குவியலில் ஒன்றாகப் பிரிக்கச் சொல்லி, பிறகுதான் கேள்வித்தாளே தயாராகும். லிக்கர்ட் நடுவர்களைத் தூக்கிவிட்டார். பதில் சொல்பவர் முன்னால் ஒரு வாக்கியத்தையும் ஐந்து பதில்களையும் வைத்தார். ஆனால் அவர் ஒரு வாக்கியத்தை நம்பவில்லை, பல வாக்கியங்களின் கூட்டுத்தொகையைத்தான் நம்பினார். மேற்பார்வையாளரைப் பற்றி ஐந்து வாக்கியம் கேட்டுக் கூட்டினால், குறைந்தது 5, அதிகம் 25. ஆக, ஐந்தே கட்டம் வைத்த தாளிலிருந்து 21 படிகள் உள்ள அளவுகோல் கிடைத்துவிடுகிறது. ஒரு வாக்கியத்தில் 3.4ஐ 3 ஆக்கியவர், அடுத்ததில் 3.6ஐ 4 ஆக்கியிருப்பார். தொலைந்த துணுக்குகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிக்கொள்ளும்.

எனவே ஏழினால் வரும் லாபம் சின்னது என்று தெரிந்துவிட்டது. அதற்குச் செலவு என்ன என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தச் செலவு ஆங்கிலத்தில் நடக்கும் சர்வேயைவிடத் தமிழில் நடக்கும் சர்வேயில் அதிகம் என்பது என் அனுபவம்.

பெரும்பாலான சர்வே தாள்கள் எங்கோ ஆங்கிலத்தில் தயாராகி, தமிழாக்கப்பட்டு தொழிற்கூடத்துக்கு வருகின்றன. ஏழு கட்டத்துக்கான தமிழ் இப்படித்தான் இருக்கும்: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், ஓரளவு உடன்படுகிறேன், இரண்டும் இல்லை, ஓரளவு உடன்படவில்லை, உடன்படவில்லை, முழுமையாக உடன்படவில்லை. அலுவலக மேசையில் படித்தால் ஒழுங்காகவே தெரிகிறது. கடைசிப் பதிலை மட்டும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "முழுமையாக உடன்படவில்லை." 'நீங்கள் சொல்வது அடியோடு தவறு' என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். 'உடன்படுகிறேன், ஆனால் முழுமையாக இல்லை' என்றும் கொள்ளலாம். பேச்சில் இரண்டாவதுதான் முதலில் தோன்றும். "வேலை முழுசா முடியலை" என்றால் முக்கால்வாசி முடிந்தது என்றுதானே நாம் எடுத்துக்கொள்கிறோம்? ஆக, மிக மோசமான கட்டத்தில் டிக் போட்ட இருவரில் ஒருவர் கோபக்காரர், இன்னொருவர் ஏறக்குறைய திருப்தியானவர். கணினி இருவருக்கும் 1 என்று பதிவு செய்துகொள்ளும்.

'ஓரளவு உடன்படவில்லை' இன்னும் சிக்கல். பாதி மறுப்பா, அல்லது ஓரளவுக்குக்கூட உடன்படவில்லை என்கிறாரா? 'முழுமையாக' என்ற பிரச்சினை ஐந்து கட்டத்திலும் உண்டு. சொல்லை மாற்றித் தீர்த்துவிடலாம். இந்த 'ஓரளவு' பிரச்சினை ஏழுக்கே உரியது. ஏழு வேண்டுமென்றால் இரண்டு ஓரளவுகளும் வேண்டும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏழு பதில்களையும் ஏழு துண்டுச் சீட்டில் எழுதிக் கலைத்துப் போட வேண்டும். எண் எதுவும் எழுதக் கூடாது. தொழிற்கூடத்தில் எட்டுப் பத்துப் பேரைத் தனித்தனியாக அழைத்து, ரொம்பச் சரி என்பதிலிருந்து ரொம்பத் தவறு என்பது வரை வரிசைப்படுத்தச் சொல்ல வேண்டும். பத்தில் ஒன்பது பேர் ஒரே வரிசையில் அடுக்கினால் அந்த அளவுகோல் நிற்கும். அடுக்க முடியாமல் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள் என்றால், அவர்கள் யோசிக்கும் இடத்தில்தான் சர்வேயும் உடையும். ஒருவருக்குப் பத்து நிமிடம். காசு செலவில்லை. ஆனாலும் இதைச் செய்கிற நிறுவனங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தத் தொழிற்சாலையில் முதலில் வந்தவர் வைண்டிங் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. 'உடன்படுகிறேன்' என்ற சொல்லே அவருக்கு ஒட்டவில்லை என்பதால், 'சரி', 'தவறு' என்று மாற்றி எழுதிய சீட்டுகளைக் கொடுத்திருந்தேன். ரொம்பச் சரி, சரி இரண்டையும் மளமளவென்று மேலே வைத்தார். கீழே உள்ளவற்றையும் வைத்தார். 'ஓரளவு சரி', 'ஓரளவு தவறு' என்ற இரண்டு சீட்டுகள் கையில் நின்றுவிட்டன.

"ஏனுங்க சார், இது ரெண்டும் ஒண்ணுதானுங்களே? கொஞ்சம் சரின்னா மிச்சம் தப்புன்னுதானுங்க அர்த்தம்?"

"எது மேல வரும்னு தோணுதுங்கம்மா?"

"நீங்களே சொல்லுங்க, வெச்சர்றேன்."

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை இல்லை. ஓரளவு சரி என்பதன் மறுபாதி ஓரளவு தவறுதான். ஏழு கட்ட அளவுகோலில் மூன்றாவது, ஐந்தாவது இடங்களில் இருக்க வேண்டிய சீட்டுகள் அவர் கையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் இருக்க வேண்டிய 'இரண்டும் இல்லை' என்ற சீட்டுக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே அவருக்குத் தெரியவில்லை. மூன்று கட்டம் ஒன்றாக ஒட்டிக்கொண்டால், ஏழு கட்டம் என்று தாளில் அச்சடித்திருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அது ஐந்து கட்டம்தான். வித்தியாசம் ஒன்றே: ஒட்டிக்கொண்ட மூன்றில் எதில் டிக் விழும் என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மேலே போட்ட கணக்கில் ஏழு கொடுத்த நாலரை சதவீத லாபத்தை இந்தக் குலுக்கல் தாராளமாகத் தின்றுவிடும்.

நடுக் கட்டத்துக்கான சொல்லிலும் கவனம் வேண்டும். 'பரவாயில்லை' என்று எழுதலாமே, எல்லாருக்கும் புரியுமே என்று சிலர் சொல்வார்கள். புரியும்தான். கேன்டீன் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ஒருவர் "பரவாயில்லையே!" என்று புருவத்தை உயர்த்திச் சொல்வது பாராட்டு. இன்னொருவர் "பரவால்ல விடுங்க" என்று சொல்வது பொறுத்துக்கொள்வது. தாளில் குரல் கேட்காது. 'சரியென்றும் சொல்ல முடியாது, தவறென்றும் சொல்ல முடியாது' என்று நீளமாக எழுதுவது அழகாக இல்லாவிட்டாலும் அதுவே பாதுகாப்பு. அதோடு 'இது எனக்குப் பொருந்தாது' என்று ஒரு கட்டத்தைத் தனியே ஓரமாக வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பஸ் வசதியே பயன்படுத்தாதவர் பஸ் வசதி பற்றிய வாக்கியத்துக்கு நடுக் கட்டத்தில் டிக் போடுவார். அது கருத்தாகக் கணக்கில் ஏறிவிடும்.

சொல்லே வேண்டாம், இரண்டு முனையில் மட்டும் எழுதிவிட்டு நடுவில் எண்களைப் போட்டுவிடலாம் என்பது ஏழு கட்டக்காரர்கள் வழக்கமாகப் போகும் குறுக்கு வழி. நம் ஊரில் அதற்கு ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்தவர் யாருக்கும் ஒன்று என்றால் முதல் ரேங்க். 1 என்பது ரொம்ப மோசம் என்று மேலே சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தாலும், ஒன்றைச் சிறந்தது என்று எடுத்துக்கொண்டு கடைசிவரை டிக் போட்டுக்கொண்டே போவார்கள் சிலர். கண்டுபிடிக்கத் தாளின் அடியில் உள்ள கருத்துப் பகுதியைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிட்டு, கீழே 'இங்கு வேலை செய்வது சந்தோஷம்' என்று எழுதியிருந்தால் அவர் அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

சொற்களைப் பொறுத்தவரை, நான் கடைசியில் வந்து நின்றது இந்த ஐந்தில்: ரொம்பச் சரி, சரி, சரியென்றும் தவறென்றும் சொல்ல முடியாது, சரியில்லை, கொஞ்சமும் சரியில்லை. கடைசியில் வரும் 'உம்' மிக முக்கியம். 'கொஞ்சமும் சரியில்லை' என்பதைப் பாதி மறுப்பாக யாரும் படிக்க முடியாது. 'முழுமையாக' செய்ய முடியாததை அந்த ஒரு விகுதி செய்துவிடுகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் என்றால், பிற மொழிகளில் ஏழு நன்றாக ஓடுகிறதா? இங்கேதான் ஐந்தா ஏழா என்ற விவாதத்தில் பலர் கவனிக்காத ஒரு ஆய்வு வருகிறது. மெலானி ரெவில்லா, வில்லெம் சாரிஸ், ஜோன் க்ரோஸ்னிக் மூவரும் 2014இல் வெளியிட்டது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒரே நேரத்தில் நடக்கும் ஐரோப்பியச் சமூக சர்வேயின் பதில்களை எடுத்து, 'உடன்படுகிறேன், உடன்படவில்லை' வகைக் கேள்விகளை மட்டும் ஐந்து, ஏழு, பதினொரு கட்டங்களில் ஒப்பிட்டார்கள். கட்டம் கூடக் கூடப் பதிலின் தரம் உயரவில்லை, குறைந்தது. ஐந்துதான் தேறியது.

அப்படியானால் பிரெஸ்டனும் கோல்மனும் சொன்னது பொய்யா? இல்லை. அவர்கள் கடையின் சேவை எப்படி இருந்தது என்று தரம் போடச் சொன்னார்கள். ஒரு வாக்கியத்தோடு உடன்படச் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு வேலை. "உங்கள் மேற்பார்வையாளர் எவ்வளவு தெளிவாக வேலையை விளக்குகிறார்?" என்று கேட்டால் பதில் சொல்பவர் தெளிவை மட்டும் மனதில் அளந்தால் போதும். "என் மேற்பார்வையாளர் வேலையைத் தெளிவாக விளக்குகிறார், உடன்படுகிறீர்களா?" என்று கேட்டால் அவர் முதலில் தெளிவை அளக்க வேண்டும். பிறகு அந்த வாக்கியம் எவ்வளவு தெளிவைக் குறிக்கிறது என்று ஊகிக்க வேண்டும். பிறகு இரண்டுக்கும் இடையிலான தூரத்தை உடன்பாடாக மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படி ஆளுக்கு ஆள் மாறும். 'ரொம்ப' என்று சொல்வதே சிலருக்கு வழக்கம், சிலர் எதற்கும் 'சரி'யோடு நிறுத்திக்கொள்வார்கள். கட்டம் கூடினால் அளவுகோல் நுணுக்கமாவதற்குப் பதில், ஆளின் பேச்சு வழக்கம் பதிலுக்குள் இன்னும் கொஞ்சம் கலக்கிறது.

ஆகவே ஏழின்மீது ஆசை இருப்பவருக்கு என் யோசனை, கட்டத்தை மாற்றும் முன் கேள்வியை மாற்றுங்கள் என்பது. 'எவ்வளவு அடிக்கடி', 'எவ்வளவு தெளிவாக', 'எவ்வளவு திருப்தி' என்று நேரடியாகக் கேட்டால் ஏழு கட்டம் வைக்க நியாயம் உண்டு. வேலை ஈடுபாட்டை அளக்கும் உட்ரெக்ட் அளவுகோல் ஏழு பதில்கள் கொண்டது. ஆனால் அது உடன்பாட்டைக் கேட்பதில்லை, ஒரு உணர்வு எத்தனை அடிக்கடி வருகிறது என்று கேட்கிறது: வருடத்துக்குச் சில முறை, மாதத்துக்கு ஒரு முறை, தினமும் என்று. மாதத்துக்கு ஒன்றையும் வாரத்துக்கு ஒன்றையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். அதே சமயம் கேலப் நிறுவனத்தின் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட பிரபலமான ஊழியர் சர்வே உடன்பாட்டைக் கேட்கிறது; அது ஐந்தில்தான் நிற்கிறது. அமெரிக்க அரசு தன் ஊழியர்களிடம் நடத்தும் சர்வேயின் உடன்பாட்டுக் கேள்விகளும் ஐந்தில்தான். (பால் ஸ்பெக்டர் 1985இல் வெளியிட்ட பணித் திருப்திக் கேள்வித்தாள் ஆறு கட்டம். நடுவே இல்லை, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும். இப்படி ஏற்கெனவே சோதித்து நிலைபெற்ற தாளை எடுத்தால், அதன் கட்டங்களில் கை வைக்கக் கூடாது.)

மேலாளர் இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "நம்ம ஆளுங்க பூராவும் நாலுலதான் சார் போடறாங்க. அஞ்சு வெச்சா வித்தியாசமே தெரியறதில்லையே?"

இது ஏழுக்கு ஆதரவான நிஜமான வாதம். எல்லாரும் ஒரே இடத்தில் குவிந்தால் பரவல் குறைகிறது. பரவல் 1க்குப் பதில் 0.6 என்று வைத்து அதே கணக்கைப் போட்டால், ஏழினால் வரும் லாபம் நாலரையிலிருந்து சுமார் பன்னிரண்டு சதவீதமாக ஏறுகிறது. அதோடு, முதலாளியின் தாளில் 'சரியில்லை' என்று போடக் கூச்சப்படுபவருக்கு 'ஓரளவு சரி' என்பது குறையை மரியாதையாகச் சொல்ல ஒரு வழி. படித்த, தாள் நிரப்பிப் பழகிய அலுவலக ஊழியர்களிடம் இது வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் தொழிற்கூடத்தில் நாலில் குவிவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டக் குறைவு அல்ல. தாளை வாங்குபவர் மேற்பார்வையாளராக இருக்கும்போது எத்தனை கட்டம் வைத்தாலும் டிக் நல்ல பக்கத்தில்தான் விழும். பூட்டிய பெட்டி ஒன்று வைத்து, பத்துப் பேருக்குக் குறைந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடுவதில்லை என்று அறிவித்துப் பார்த்த பிறகும் குவிந்தால் அப்போது ஏழைப் பற்றிப் பேசலாம்.

மாற்றுவது என்று முடிவானால், அந்த ஆண்டு முடிவுகளை வெளியிடும் நாள் ஆபத்தானது. அதற்குக் கற்பனையாக நூறு பேரை எடுத்துக்கொள்வோம். கேள்வி, சம்பளம் நியாயமா என்பது. போன வருடம் ஐந்து கட்டம். கீழிருந்து மேலாக 8, 14, 26, 38, 14 பேர். மேல் இரண்டு கட்டத்தையும் கூட்டி '52 சதவீதம் பேர் திருப்தி' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். இந்த வருடம் அதே நூறு பேர், அதே மனநிலை, ஆனால் ஏழு கட்டம். 6, 9, 13, 18, 24, 20, 10 என்று விழுந்தது. வழக்கப்படி மேல் இரண்டைக் கூட்டினால் 30 சதவீதம். ஒரே வருடத்தில் திருப்தி 52இலிருந்து 30க்கு விழுந்துவிட்டது என்று கூட்டம் கூட்டுவார்கள். யாராவது விழித்துக்கொண்டு 'ஓரளவு சரி'யையும் சேர்த்துக் கூட்டினால் 54, அதாவது இரண்டு சதவீதம் உயர்வு! ஆட்கள் மாறவில்லை, கருத்தும் மாறவில்லை. போன வருடம் நடுவில் நின்றவர்களில் சிலர் 'ஓரளவு'க்கு ஏறினார்கள், 'சரி' போட்டவர்களில் சிலர் 'ஓரளவு'க்கு இறங்கினார்கள், அவ்வளவுதான்.

சராசரியை ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் குறையும். ஐந்தின் சராசரியிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒன்றரையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் ஏழின் அளவுக்கு வந்துவிடும். போன வருடச் சராசரி 3.36, மாற்றினால் 4.54. இந்த வருடம் 4.45. பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டாவ்ஸ் 2008இல் ஐந்து, ஏழு, பத்து கட்டங்களை ஒரே அளவுக்கு மாற்றி ஒப்பிட்டபோது ஐந்துக்கும் ஏழுக்கும் சராசரி ஒன்றுபோலவே வந்தது. பத்து மட்டும் சற்றுத் தாழ்ந்தது. ஆனால் இந்தச் சூத்திரம் சராசரிக்கு மட்டும்தான். சதவீதத்தை மாற்றச் சூத்திரம் கிடையாது. நிர்வாகம் சதவீதத்தில்தான் பேசும் என்றால், மாற்றும் ஆண்டில் பாதிப் பேருக்கு ஐந்து, பாதிப் பேருக்கு ஏழு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுப்பதே ஒரே வழி. அப்போதுதான் எந்தச் சரிவு ஆட்களுடையது, எந்தச் சரிவு கட்டத்துடையது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

நாங்கள் அந்தத் தொழிற்சாலையில் ஐந்தையே வைத்துக்கொண்டோம், சொற்களை மட்டும் மாற்றினோம். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கோட்டின் மேல் விழுந்த டிக் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஐந்து கட்டம் போதவில்லை என்றால் அது இருபது வாக்கியத்திலும் அல்லவா தெரிய வேண்டும்? தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோட்டின் மேல் விழுந்த டிக்குகளும், இரண்டு கட்டத்தைச் சேர்த்துப் போட்ட வட்டங்களும் ஒன்றிரண்டு தவிர எல்லாமே பதினொன்றில்தான். பத்திலும் பன்னிரண்டிலும் டிக் கட்டத்துக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

சீட்டு அடுக்க வந்தவர்களில் ஃபவுண்டரியிலிருந்து வந்த ஒரு அண்ணனிடம் பதினொன்றைப் படித்துக் காட்டினேன். 'சம்பளமும் ஓவர்டைம் தொகையும் சரியான நேரத்தில் கிடைக்கின்றன.'

அவர் சிரித்தார். "எதுக்குங்க சார் டிக் போடறது? சம்பளம் ஏழாந்தேதி டாண்ணு வந்துருமுங்க. ஓவர்டைமுதான் இழுத்தடிக்கறாங்க."